கார்த்திகை விளக்கும் மாமியாரின் நடைத்தடமும்

வாசகர் கடிதம்

என் மாமியாருக்கு வயது 78. இரண்டு கண்ணிலும் கிளாக்கோமா, ஒன்பது வருடமாகச் சொட்டு மருந்து. சர்க்கரையும் உண்டு. கைத்தடி வைத்திருக்கிறார், ஆனால் வீட்டுக்குள் அதைத் தொடவே மாட்டார். போன கார்த்திகை அன்று காலையிலிருந்து விரதம் இருந்தார். மாத்திரை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். டிவியில் அண்ணாமலை தீபம் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்து, குனிந்து குனிந்து 27 அகல் விளக்கையும் அவரே ஏற்றினார். அழகாகத் தெரியட்டும் என்று நான்தான் ஹால் விளக்கையும் வாசல் விளக்கையும் அணைத்தேன். எல்லாம் ஏற்றி முடித்ததும், நின்று பார்க்க ஓரடி பின்னால் வைத்தார். விழுந்துவிட்டார். மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் கட்டு.

இந்த வருடம் வீட்டில் மூன்று கட்சி. "விளக்கே வேண்டாம், சீரியல் லைட் போதும்" என்கிறார் என் கணவர். மூன்று நாளும் அம்மாவைத் தன் ஃபிளாட்டில் வைத்துக்கொள்வதாக நாத்தனார் சொல்கிறார். "விளக்கு இல்லாத வாசலைப் பார்க்க நான் எதற்கு இருக்கணும்?" என்று அத்தை அழுகிறார். எனக்கு ஒரு யோசனை. அகலுக்குப் பதில் தரையோரமாக எல்இடி பட்டை ஒட்டி, வாசலுக்கும் படிக்கும் வண்ண ஸ்டிக்கர் கோலம் போட்டால் அவருக்கு நன்றாகத் தெரியும், பாதுகாப்பாகவும் இருக்கும் அல்லவா? நாற்பது வருடமாக இருக்கும் வீடு, உள்ளே கண்ணை மூடிக்கொண்டு நடப்பார். வாசலில் மூன்று கிரானைட் படி, உள்ளே வழவழப்பான டைல்ஸ். என்ன செய்யலாம்?

— பெயர் வேண்டாம், திருச்சி

முதியோர் நல மருத்துவரின் பதில்

உங்கள் கடிதத்தில் நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். "கண்ணை மூடிக்கொண்டு நடப்பார்" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அவர் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறார். கிளாக்கோமாவில் நேர்ப்பார்வை கடைசிவரைகூட ஓரளவு நிற்கும். ஊசியில் நூல் கோப்பார், தினசரியில் தலைப்பு படிப்பார். போய்விடுவது ஓரப் பார்வை. கீழ்ப்பக்கத்துப் பார்வை குறைந்தவருக்கு, நேராகப் பார்த்து நடக்கும்போது தன் காலடியில் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. பல வருடத்துச் சர்க்கரை இருப்பவர்களில் நிறைய பேருக்குப் பாதத்தின் உணர்வும் மங்கியிருக்கும். நாம் விழாமல் நிற்பதற்குக் கண், உள்காது, பாதம் என்று மூன்று இடங்களிலிருந்து செய்தி போகவேண்டும். அவருக்கு ஒன்று பாதியாகிவிட்டது, இன்னொன்றிலும் சந்தேகம். பிறகு எதை நம்பி நடக்கிறார்? பழக்கத்தை. நிலைப்படி எத்தனை எட்டில் வரும், எந்த இடத்தில் கதவுச் சட்டம் கைக்கு அகப்படும் என்பதெல்லாம் உடம்பில் பதிந்திருக்கிறது.

ஒன்று செய்து பாருங்கள். பகல் வெளிச்சத்தில் ஹால் சுவரைப் பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே, சில இடங்களில் மட்டும் பெயின்ட் அழுக்கேறிக் கறுத்திருக்கும். கதவுச் சட்டத்தின் ஒரு பக்கம், ஃபிரிட்ஜின் மூலை, கிரில் கம்பியில் ஓரிடம். அதெல்லாம் அவர் கை தொட்டுத் தொட்டு உண்டான கறை. அதுதான் அவருடைய வீட்டு வரைபடம். பண்டிகை அலங்காரம் என்ற பெயரில் நாம் செய்வது பெரும்பாலும் அந்த வரைபடத்தின் மேல் வேறொன்றை வரைவதுதான். தினமும் பிடிக்கும் கம்பியில் சீரியல் லைட் சுற்றுகிறோம், சாயும் தூணில் வாழைமரம் கட்டுகிறோம், கால் வைக்கும் இடத்தில் கோலம் போட்டு "மிதிச்சிடாதீங்க" என்கிறோம். மிதிக்காமல் ஒதுங்கும்போது அவர் தடம் மாறுகிறது. விழுவது அங்கேதான்.

அதனால் எவ்வளவு அலங்காரம் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கணவர் சொல்வதுபோல எல்லாவற்றையும் நிறுத்தினாலும், அந்தச் சீரியல் லைட்டின் வயர் நிலைப்படியைக் குறுக்கே கடந்தால் போன வருடத்தைவிட மோசமாகும்.

போன வருடம் நடந்தது என்ன

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அன்று மாலை ஐந்து விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. எந்த ஒன்று குறைந்திருந்தாலும் அவர் விழாமல் இருந்திருக்கலாம்.

காலையிலிருந்து சாப்பாடு இல்லை, ஆனால் சர்க்கரை மாத்திரை போட்டிருக்கிறார். அது கிளிமிபிரைடு போன்ற வகையாக இருந்தால், சாப்பிடாத வயிற்றில் சர்க்கரையை மிகவும் கீழே இறக்கிவிடும். மாலை ஆறு மணிக்கு அவருக்குக் கை நடுங்கியதா, வியர்த்ததா என்று யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள், விளக்கு ஏற்றும் பரபரப்பு. இரண்டாவது, 27 முறை குனிந்து நிமிர்ந்தது. வயதானவர்களுக்கு நிமிரும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், தலை லேசாகச் சுற்றும். மூன்றாவது, சொட்டு மருந்து. கிளாக்கோமாவுக்குப் போடும் டிமோலால் கண்ணில்தான் விழுகிறது என்றாலும், மூக்கு வழியாக உள்ளே இறங்கி இதயத் துடிப்பையும் அழுத்தத்தையும் குறைக்கக்கூடியது. அவர் போடுவது அந்த மருந்தா என்று புட்டியில் பாருங்கள்.

நான்காவது நீங்கள் அணைத்த விளக்கு. உங்களைக் குற்றம் சொல்லவில்லை, என் வீட்டிலும் அணைத்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் கணக்கைப் பாருங்கள். வயதாக ஆகக் கண்ணின் பாவை சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. இருபது வயதில் விழித்திரைக்குப் போன வெளிச்சத்தில், அறுபது வயதுக்காரருக்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். அவருக்கு 78. அதோடு பத்து நிமிடம் தீபச் சுடரையே பார்த்துக்கொண்டிருந்த கண், இருட்டுக்குத் திரும்பினால் பழகுவதற்குப் பல நிமிடங்கள் ஆகும். அந்த நேரத்தில் படி எங்கே, தரை எங்கே என்பது அவருக்கு ஒரே கறுப்பு. ஐந்தாவது, பின்னால் வைத்த அடி. முன்னால் தடுமாறினால் கையை ஊன்றலாம், இன்னொரு எட்டு வைத்துச் சமாளிக்கலாம். பின்னால் தடுமாறுகிறவருக்குப் பிடிக்க எதுவும் இல்லை.

இதில் அகல் விளக்கின் பங்கு எவ்வளவு? அது தரையில் இருந்தது என்பது மட்டும்தான். தரையில் இல்லாமல் இருந்திருந்தால் குனிந்திருக்க வேண்டாம், பின்னால் நகர்ந்தும் பார்த்திருக்க வேண்டாம்.

விளக்கைத் தரையிலிருந்து தூக்குங்கள்

அகலைத் தரையில்தான் வைக்கவேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் வீட்டில் யாருக்கும் சொல்லியிருக்காது. பழைய வீடுகளில் வாசலின் இரு பக்கமும் மாடக்குழி இருக்கும், நின்ற நிலையில் கை எட்டும் உயரத்தில். விளக்கு வைக்கத்தான் அது. மாடம் இல்லாத வீடுகளைக் கட்டிவிட்டு, வேறு இடம் இல்லாததால் படிக்கு இறக்கிவிட்டோம். அத்தையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மாடவிளக்கு என்றதும் அவர் முகம் மலரும், உங்கள் கணவர் சொன்ன பிளாஸ்டிக் விளக்குக்கு மலராது.

நான் இப்படிச் செய்யச் சொல்வேன். வராண்டாவில் அவர் நடக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், சுவரை ஒட்டி மேசை உயரத்தில் ஒரு நீள பெஞ்சு. ஆடாத பெஞ்சாக இருக்கவேண்டும். அதன்மேல் பித்தளைத் தாம்பாளம் அல்லது எவர்சில்வர் டிரே வைத்து, ஒரு விரல் கனத்துக்கு ஆற்றுமணல் பரப்பி, அதில் அகலைப் பதியுங்கள். மணல் இரண்டு வேலை செய்யும். அகல் சாயாது, கசியும் எண்ணெயையும் குடித்துக்கொள்ளும். புது அகலாக இருந்தால் முதல் நாளே சில மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் உலர்த்துங்கள் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், ஊறாத அகல் எண்ணெயை உறிஞ்சி அடியில் கக்கும். டைல்ஸில் அந்த வட்டக் கறையின்மேல் வெறும் காலை வைத்தால் போதும். முக்கால் அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றவும் வேண்டாம்.

உயரத்தில் வைப்பதில் ஓர் ஆபத்து உண்டு, மறைக்கமாட்டேன். தரையில் இருந்த சுடர் இப்போது முந்தானை உயரத்துக்கு வந்துவிட்டது. அதனால் தாம்பாளத்தைப் பெஞ்சின் விளிம்பில் வைக்காமல் சுவரோரமாக உள்ளே தள்ளுங்கள். விளிம்புக்கும் முதல் சுடருக்கும் ஒரு முழமாவது இருக்கட்டும். மெல்லிய சிந்தெடிக் புடவை தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தியும் எரியும்தான், ஆனால் ஒட்டாது. அன்றைக்குக் கனமான பருத்திப் புடவை, முந்தானையை இழுத்துச் செருகி ஒரு ஊக்கு.

ஏற்றுவது யார்? அவர்தான். ஆனால் உட்கார்ந்து. கைப்பிடி உள்ள நாற்காலி ஒன்றைப் பெஞ்சுக்கு முன்னால் போடுங்கள், சக்கரம் வைத்ததோ பிளாஸ்டிக்கில் வழுக்குவதோ வேண்டாம். அவர் உட்காரும் இடத்துக்கு முன்னால் மட்டும் ஐந்தாறு அகல். திரி நுனியில் சிறு கற்பூரத் துண்டு வைத்து, சுடர் வரும் நீளக் கழுத்து லைட்டரால் ஏற்றினால் கை சுடரின் மேல் போகாது. ஏற்றிய தாம்பாளத்தை நீங்கள் நகர்த்தி அடுத்ததை வைக்கலாம். 27-ம் அவர் கையாலேயே ஏற்றப்படும், ஒரு முறைகூடக் குனியாமல். பார்த்து ரசிக்கவும் அதே நாற்காலிதான். பின்னால் நகர வேண்டிய அவசியமே வராது.

படிகளில் விளக்கு வேண்டாம். இதில் மட்டும் நான் பேரம் பேசமாட்டேன். தெருப்பக்கம் அழகு வேண்டுமென்றால் காம்பவுண்டு சுவரின்மேல் வையுங்கள், மழைக்காலக் காற்றுக்கு அணைந்தால் அணையட்டும். அணைந்ததை மறுபடி ஏற்ற அவர் எழுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பிள்ளைகளின் வேலை.

கோலமும் படியும்

நீங்கள் நினைத்த ஸ்டிக்கர் கோலத்தைப் பற்றி. வண்ணம் நிறைய இருந்தால் நன்றாகத் தெரியும் என்பது நம் கண்ணுக்குச் சரி. அவருடைய கண்ணுக்குக் குறைந்திருப்பது நிறம் மட்டும் இல்லை, ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் வேறுபாடு. பூவும் இலையுமாக வண்ணம் கலந்த கோலத்தைப் படியில் ஒட்டினால் படியின் விளிம்பு அந்தக் கோலத்துக்குள் மறைந்துபோகும். ஒரு கோடு விளிம்பா, கோலத்தின் இழையா என்று அவரால் சொல்ல முடியாது. அடர்ந்த நிறத்தில் ஒரு பெரிய வட்டம் இருந்தால் பள்ளம்போலத் தோன்றி, தாண்டிக் கால் வைக்கப் பார்ப்பார். போதாததற்கு, மழையில் நனைந்த காலோடு ஸ்டிக்கர்மேல் ஏறினால் வழுக்கும். ஓரம் கிளம்பிய ஸ்டிக்கரோ கால் விரலைத் தடுக்கும்.

படிக்கு வேண்டியது ஒரே ஒரு கோடு. கறுப்புக் கிரானைட் என்றால் வெள்ளை, வெளிர்நிறக் கல் என்றால் அடர்ந்த காவி. மூன்று விரல் அகலத்தில், படியின் முழு நீளத்துக்கும், விளிம்பை ஒட்டியே இருக்கவேண்டும். விளிம்பிலிருந்து உள்ளே தள்ளிப் போட்டால் அந்தக் கோட்டையே விளிம்பு என்று நம்பிக் காலை வைப்பார், அது கோடு இல்லாததைவிட மோசம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சொரசொரப்பான வழுக்காத டேப்பை ஒட்டிவிட்டால் கார்த்திகைக்கு மட்டுமில்லை, வருடம் முழுக்க இருக்கும். மேலே வேறு கோலம் எதுவும் வேண்டாம்.

கோலத்துக்கு வேறு இடம் உண்டு. அவர் தினமும் நடக்கும் தடத்தை முதலில் விட்டுவிடுங்கள், சுவரையோ கைப்பிடியையோ ஒட்டி மூன்று அடி அகலம். மீதி வாசல் முழுக்க உங்கள் இஷ்டம். உள்ளே டைல்ஸ் தரையில் உலர்ந்த கோலப்பொடி கூடாது, வழவழப்பான தரையில் அது காலடியில் உருளும் மணல் மாதிரி. சொரசொரப்பான சிமென்ட் வாசலில் பாதகம் இல்லை. உள்ளே மாக்கோலம் போடுவதென்றால் காலையிலேயே போட்டு ஃபேனைச் சுழலவிடுங்கள். ஈரமாக இருக்கும்வரை அது வழுக்கும், கார்த்திகை மழை ஈரத்தில் காய நேரமாகும். விரலால் தொட்டு ஒட்டாத பிறகுதான் அவர் அந்தப் பக்கம் வரவேண்டும்.

இன்னொன்று தோன்றுகிறது. மாக்கோலத்தை அவருடைய தடத்தின் கரையாகவே போட்டால் என்ன? அறை வாசலிலிருந்து விளக்கு நாற்காலி வரை, தடத்தின் வெளிப்பக்கமாக ஒரு பட்டைக் கோடு. அடர்நிறத் தரை என்றால் வெள்ளைக் கோடு அவருக்குத் தெரியும். டைல்ஸ் வெளிறிய நிறம் என்றால் காவியில் போடுங்கள். "கோட்டுக்கு உள்ளே வாங்க அத்தை" என்று சொன்னால் புரிந்துகொள்வார். என்னிடம் வந்த ஒரு அம்மாவுக்கு அவர் மருமகள் பூஜை அறை வரை இப்படிப் போட்டுவைத்திருந்தார், எனக்கு இந்த யோசனை வந்ததே அங்கிருந்துதான்.

மின் விளக்கு பாதுகாப்பு என்பது பாதி உண்மை

எல்இடி சுடாது, எண்ணெய் சிந்தாது. அவ்வளவுதான் அதன் நன்மை. நீங்கள் நினைப்பதுபோலத் தரையோரமாகப் பட்டை ஒட்டினால், வழவழப்பான டைல்ஸ் அதைக் கண்ணாடிபோலப் பிரதிபலிக்கும். அவருக்கு இரண்டு வெளிச்சக் கோடுகள் தெரியும். தரை எந்தக் கோட்டில் இருக்கிறது? தரைக்குக் கீழே ஒரு வெளிச்சம் தெரிந்தால் அவர் கால் தயங்கும். கிளாக்கோமாக்காரர்களுக்கு, கூடவே கண்புரையும் இருந்தால் இன்னும் அதிகமாக, கூசும் ஒளிப்புள்ளி ஒன்று எதிரே இருந்தால் சுற்றியுள்ளதெல்லாம் மங்கிப்போகும். மினுக்மினுக்கென்று மாறும் சீரியல் லைட் இன்னும் மோசம். ஒவ்வொரு கணமும் நிழல் இடம் மாறுகிறது.

அவருக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும், உண்மை. ஆனால் பல்பு கண்ணில் படக்கூடாது. சீரியல் லைட்டைக் கதவு நிலைக்கு மேலே, மாவிலைத் தோரணத்துக்குப் பின்னால் ஒளித்துக் கட்டுங்கள், ஒளி சுவரில் பட்டுக் கீழே வரட்டும். கட்டுப்பாட்டுப் பெட்டியில் பட்டனை அழுத்திக்கொண்டே போனால் விட்டுவிட்டு எரியாத நிலை ஒன்று வரும், அதில் வைத்துவிடுங்கள். தோரணம் அவர் தலைக்கு மேலேயே நிற்கட்டும், நெற்றியில் இலை உரசினால் திடுக்கிட்டுப் பின்வாங்குவார். வயரை நிலையைச் சுற்றி மேலேற்றிக் கொண்டுபோங்கள். மிதியடிக்கு அடியில் மறைக்காதீர்கள், மேடு தட்டும், மிதிபட்டு உறையும் கிழியும். மிதியடியே அன்று வேண்டாம் என்பேன்.

அப்புறம் அந்தக் கைக்கறைகள். நீங்கள் கண்டுபிடித்த ஒவ்வொரு இடத்திலும் ஒன்றும் சுற்றாதீர்கள், ஒன்றும் தொங்கவிடாதீர்கள். படியின் பக்கத்தில் கைப்பிடிக் கம்பி இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இந்த வருட அலங்காரச் செலவில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும், வெல்டிங் கடையில் சொன்னால் செய்து தருவார்கள். பண்டிகைக்குச் சில வாரம் முன்பே மாட்டிவிட்டால்தான் அது அவர் கைக்குப் பழகும்.

ஹால் விளக்கை அணைக்கும் ஆசை உங்களுக்கு இருக்கும், எனக்கும் இருக்கிறது. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது பத்து நிமிடம் அணையுங்கள். பிறகு போட்டுவிட்டு, இன்னும் ஐந்து நிமிடம் அவரிடம் ஏதாவது பேசிக்கொண்டிருங்கள், பொரி உருண்டை கொடுங்கள். கண் பழகிய பிறகு, பாதத்தைத் தரையில் ஊன்றி, ஒரு கணம் நின்று, அப்புறம் நடக்கட்டும். கைத்தடி நாற்காலியோடு சாய்த்து வைத்திருக்கவேண்டும், அன்றைக்கு வீட்டுக்குள்ளும்தான்.

பண்டிகைக்கு முன் டாக்டரிடம் கேட்கவேண்டியவை

அலங்காரத்தைப் பற்றிய கடிதத்துக்கு மருத்துவம் பேசுகிறேன் என்று நினைக்கலாம். ஆனால் இதைச் செய்யாமல் பெஞ்சும் கோடும் மட்டும் போட்டால் பாதி வேலைதான் ஆகும். இரண்டு வாரம் முன்பே அவருடைய மருத்துவரிடம் போய், படுத்த நிலையில் ஒரு முறையும், எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அவர் தள்ளாடுவதற்கு அதுவே ஒரு காரணம், மாத்திரைகளை மாற்றி அமைக்க வழி இருக்கும். சொட்டு மருந்து டிமோலால் என்றால் அதையும் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் மிச்சம் இருக்கும் பார்வையும் போகும். சொட்டு விட்டவுடன் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய மூலையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டால் மருந்து உடம்புக்குள் இறங்குவது குறையும்.

விரதத்தை முழுதாக விடச் சொன்னால் கேட்கமாட்டார், தெரியும். பாலும் பழமும் விரதத்துக்குள் வருமா என்று அவரிடமே கேளுங்கள், பெரும்பாலும் வரும் என்பார். அன்றைய மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மருத்துவர் எழுதித் தரட்டும். விளக்கு ஏற்றுவதற்கு அரை மணி முன்னால் குளுக்கோமீட்டரில் பாருங்கள், 70-க்குக் கீழ் இருந்தால் முதலில் சர்க்கரைத் தண்ணீர், பிறகுதான் தீபம். அவர் போடும் கண்ணாடி மேலே தூரம், கீழே கிட்டம் என்று இரண்டு பாகம் உள்ளதா? அப்படியென்றால் கண்ணைத் தாழ்த்திப் படியைப் பார்க்கும்போது கிட்டப் பார்வைப் பகுதி வழியே பார்ப்பார், படி மங்கும். நடப்பதற்கு மட்டும் தனியாகத் தூரக் கண்ணாடி ஒன்று செய்துகொள்ளலாமா என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

நாத்தனார் வீட்டுக்கு அனுப்பலாமா

நல்ல மனத்தோடு சொல்கிறார், ஆனால் எனக்குச் சம்மதம் இல்லை. நான் மேலே சொன்ன வரைபடம் அந்த ஃபிளாட்டில் அவருக்குக் கிடையாது. இரவு இரண்டு மணிக்குப் பாத்ரூம் போக எழுந்திருப்பார். கட்டில் உயரம் வேறு, கதவு வேறு பக்கம், ஸ்விட்ச் எங்கே என்று தெரியாது. விளக்கு வைத்த வாசலைவிட அந்த இருட்டு நடைக்கூடம்தான் எனக்குப் பயம்.

இன்னொன்று, இது அவருடைய வீடு. நினைவும் தெளிவும் உள்ளவர், எங்கே இருப்பது என்பதை அவர்தான் சொல்லவேண்டும். நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து முடிவெடுத்து அவரிடம் அறிவிப்பதாக அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் விளக்கில் எந்த நாள் அவர் ஏற்றுவது, எங்கே நாற்காலி போடுவது என்று அவரையே கேளுங்கள். படியில் விளக்கு வேண்டாம் என்பதற்குக் காரணத்தையும் நேராகச் சொல்லுங்கள். மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர், உங்களைவிட நன்றாகவே புரிந்துகொள்வார். நாத்தனாருக்கு உதவ ஆசை என்றால் கார்த்திகை அன்று மாலை அவர் இங்கே வரட்டும். அம்மாவின் பக்கத்தில் வேறெந்த வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருக்க ஒரு ஆள் தேவைப்படுகிறது.

இவ்வளவும் செய்து விழுந்துவிட்டால்? உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ, இடுப்பு வலி என்றாலோ அப்படியே படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரை போடுகிறவர் தலையில் அடிபட்டிருந்தால், நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும். தீக்காயம் என்றால் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் விடுங்கள், பேனாவின் மையும் பற்பசையும் வேண்டாம். கால் உணர்வு மங்கியவர் சுட்டதைச் சொல்லாமலே இருப்பார், அதனால் மூன்று நாளும் இரவில் பாதத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, ஒரு நாள் முன்னதாக ஒத்திகை. பெஞ்சு, நாற்காலி, லைட், கோடு எல்லாம் வைத்தபிறகு, மாலை ஆறு மணிக்கு விளக்கு ஏற்றாமல் அவரை அறையிலிருந்து நாற்காலி வரை நடக்கச் சொல்லிப் பக்கத்தில் நீங்களும் நடங்கள். அவர் எங்கே தயங்குகிறார், கை எதைத் தேடுகிறது என்று மட்டும் பாருங்கள், யோசனை சொல்லாதீர்கள். தயங்கும் இடத்தில் இருப்பதை எடுத்துவிடுங்கள். அதேபோல ஒவ்வொரு நாள் இரவும் எல்லோரும் படுக்கும் முன், தரையில் சிந்திய எண்ணெயின்மேல் பழைய செய்தித்தாளைப் போட்டு ஒற்றியெடுத்து, சோப்புத் தண்ணீரால் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைக்கவேண்டும். வெறும் தண்ணீரில் துடைத்தால் எண்ணெய் பரவத்தான் செய்யும். பூவிதழ் உதிர்ந்திருந்தால் அதையும் பொறுக்கிவிட்டு, அவர் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ஒரு சிறிய இரவு விளக்கை எரியவிட்டுப் படுங்கள்.